பொங்கல் வாழ்த்து அட்டை: அச்சு வேலைக் குறிப்பு

வாடிக்கையாளர்: ஈரோட்டு மஞ்சள் மண்டி. அட்டை 2000, கவர் 2100. கூடுதல் 100 கவர் முகவரி எழுதுகையில் கெடுபவைக்காக. டிசம்பர் 18க்குள் புரூப், ஜனவரி 3ஆம் தேதி மண்டியில் சரக்கு. 8ஆம் தேதிக்குள் தபாலில் சேர்ந்தால்தான் பொங்கலுக்கு முன் கைக்குப் போகும்.

அளவும் மடிப்பும்

விரித்த அட்டை 210 × 148 மி.மீ. நடுவில் ஒரே மடிப்பு. மடித்தபின் 105 அகலம், 148 உயரம். முதுகு இடப்பக்கம், புத்தகம்போலத் திறக்கும். பிளீடு நான்கு புறமும் 3 மி.மீ. எழுத்தும் முக்கிய உருவமும் வெட்டு ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே.

வெளிப்பக்கப் பைலில் வலது பாதி முகப்பு, இடது பாதி பின்பக்கம். உள்பக்கத்துக்குத் தலைக்குத் தலை வர வேண்டும், அதாவது தாளைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மேல்கீழாகப் புரட்டினால் உள்ளே செய்தி தலைகீழாக நிற்கும். மேல் மடிப்பு அட்டைகளை அடித்துப் பழகிய கை இதில் தவறுவது சகஜம். ஆகவே முதல் தாளை வெட்டி, மடித்து, திறந்து பார்த்தபின்பே மெஷினை ஓட விடவும்.

போர்டு 300 ஜிஎஸ்எம், ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ளது. பூச்சுள்ள பக்கம் வெளியே. உள்ளே மண்டிக்காரர் பேனாவால் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு பக்கமும் பூச்சிருந்தால் ஜெல் பேனா மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்.

20 × 30 அங்குலத் தாளில் பிளீடோடு ஒரு அட்டை 216 × 154. கணக்குப் போட்டால் 9 அட்டை ஏறும்: நீளவாட்டில் மூன்று 216, அகலவாட்டில் மூன்று 154. ஆனால் 9 வேண்டாம், 8 போதும். கடையில் கிடைக்கும் 20 × 30 போர்டில் பெரும்பாலும் கிரெய்ன் 30 அங்குலப் பக்கமாக ஓடும். 9 வைத்தால் மடிப்புக்கோடு கிரெய்னுக்குக் குறுக்கே விழுந்து நார் உடைகிறது. அடர் நிறத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பிளந்து தெரியும். நீளவாட்டில் நான்கு 154, அகலவாட்டில் இரண்டு 216 என்று 8 வைத்தால் மடிப்பு கிரெய்னோடு ஒத்துப்போகும். 9க்கு 223 தாள், 8க்கு 250. இருபத்தேழு தாளை மிச்சம் பிடித்து இரண்டாயிரம் மடிப்பைக் கெடுக்க வேண்டாம். கழிவுக்கு 45 தாள் சேர்த்து 295 எடுக்கவும். வந்த போர்டில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கத்துக்கு இணையாக மடிப்பு வர வேண்டும்.

கிரீசிங் இல்லாமல் மடிக்கவே கூடாது. ரூல் 2 பாயின்ட், கீழே பள்ளம் 1.3 மி.மீ. ரூல் முகப்புப் பக்கத்தில் அழுத்த வேண்டும். மேடு உள்பக்கம் எழும்பி, மடிப்பின் உள்ளே அடங்கும். மாற்றி அடித்தால் லேமினேஷன் முதுகில் இழுபட்டு உரியத் தொடங்கும்.

வரிசை: அச்சு, ஒரு நாள் காய்ச்சல், வெளிப்பக்கம் மேட் லேமினேஷன், பாயில், கிரீசிங், வெட்டு, மடிப்பு. ஒரு பக்கம் மட்டும் பிலிம் ஒட்டுவதால் அட்டை சுருளும். வெட்டியதும் எடை வைத்து ஓர் இரவு விட்டு மடிக்கவும்.

முகப்புப் படம்

மேல் 58 மி.மீ. விடிவதற்கு முந்தைய வானம், அடர் அரக்கு. மண்டிக்காரர் முழு அட்டையும் மஞ்சளாகக் கேட்டார். ஆனால் தலைப்பு தங்கப் பாயிலில் வருகிறது. மஞ்சள்மேல் தங்கம் வைத்தால் நேராகப் பிடித்தால் எழுத்தே தெரியாது. அதனால் மஞ்சளைக் கவருக்குத் தள்ளியாயிற்று, அவரும் ஒப்புக்கொண்டார்.

வானத்தின் அடியில், இடப்பக்கம் மடிப்பிலிருந்து 22 மி.மீ. தள்ளிப் பாதிச் சூரியன், குறுக்கு 34 மி.மீ., செம்மஞ்சள். அதன் விளிம்பில் மட்டும் 0.6 மி.மீ. தங்கக் கோடு. அச்சுக்கும் பாயிலுக்கும் அரை மி.மீ. நகர்வு வரலாம், ஆகவே கோட்டுக்கு அடியில் செம்மஞ்சள் 1 மி.மீ. வெளியே நீளட்டும், இடுக்கு தெரியாது.

அடிவானத்தில் மஞ்சள் வயல். கவனம்: மஞ்சள் இலை அகலமாக, நுனி கூர்ந்து, நடுநரம்போடு தரையிலிருந்தே மேலே வரும். நெல்போல் மெல்லிசாகவோ வாழைபோல் தண்டோடோ வரைந்தால் பெறுகிறவர்கள் மஞ்சள் விவசாயிகள், சிரித்துவிடுவார்கள். தை மாதத்தில் வெட்டுக்கு நிற்கும் வயல் என்பதால் கீழ் இலைகளின் ஓரத்தில் கொஞ்சம் பழுப்பும் வேண்டும்.

நடுவில் பானை. மூன்று செங்கல் அடுப்பு, மண்பானை, கழுத்தில் கிழங்கோடு கட்டிய மஞ்சள்கொத்து. கிழங்கு முன்னே தெரியட்டும், இலை இரு பக்கமும் விரியட்டும். பால்நுரை வலது ஓரத்தில் வழிகிறது. நுரைக்கு மை கிடையாது, தாளின் வெள்ளையே. வலது ஓரம் நெடுக இரண்டு கரும்பு: கணுவுக்குக் கணு இலை வைத்தால் மூங்கில் ஆகிவிடும், தோகை உச்சியில் மட்டும். கீழ் 20 மி.மீ. செம்மண் தரையில் கோலம். எந்தக் கோடும் பாதியில் நிற்கக் கூடாது, இழை சுற்றி வந்து மூட வேண்டும்.

எங்கும் நான்கு நிற மை மொத்தம் 300 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரக்கு வானத்துக்கு C 35, M 95, Y 85, K 45, கூட்டினால் 260. தாண்டினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும், லேமினேஷனும் குமிழ் விடும். வானத்தையும் தரையையும் மடிப்பைத் தாண்டிப் பின்பக்கமும் ஓட விடவும். மடிப்பில் நிறத்தை நிறுத்தினால் அரை மி.மீ. பிசகு கூடக் கோடாகத் தெரியும்.

தலைப்பு: "பொங்கல் வாழ்த்துகள்", இரண்டு வரி, 30 பாயின்ட், மேலிருந்து 16 மி.மீ. கீழே. "வாழ்த்துக்கள்" என்று மாற்ற வேண்டாம்; க் வந்தால் கள்ளுக்கு வாழ்த்தா என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். பாயில் கோடு 0.4 மி.மீ.க்குக் குறையாமல், புள்ளி 0.8 மி.மீ. குறுக்கோடு. தலைப்பில் ஐந்து புள்ளி: ங், ல், ழ், த், ள். பாயில் புரூப்பில் முதலில் இந்த ஐந்தையும் எண்ணுங்கள். பிளாக்கில் சிறு புள்ளிதான் முதலில் அடைபடும், இல்லாவிட்டால் உதிரும். அடுத்து ழவின் சுழி அடைந்திருக்கிறதா என்று பார்க்கவும். மடிப்பிலிருந்து 8 மி.மீ.க்குள் பாயில் எதுவும் வேண்டாம்.

எழுத்து முழுவதும் அவுட்லைன் ஆக்கித்தான் பைல் வருகிறது. திருத்தம் தேவைப்பட்டால் அங்கேயே தட்டாமல் எங்களிடம் கேளுங்கள். `World-Ready Paragraph Composer` போடாத கணினியில் "பொ"வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஆண்டும் தேதியும் முகப்பில் இல்லை, வேண்டுமென்றே விட்டது. மீந்த அட்டை அடுத்த தைக்கு உதவும்.

உள்பக்கம்

ஒரே மை, கலந்த அரக்கு. நான்கு நிறத்தில் அரக்கை உண்டாக்கினால் 11 பாயின்ட் எழுத்தில் பதிவு பிசகி ஓரம் மங்கும். இடப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். மண்டியில் கைப்பட எழுத ஆசைப்படுவார்கள். வலப்பக்கம், 11 பாயின்ட், வரி இடைவெளி 17:

> அன்புடையீர், வணக்கம்.
>
> விதைக்கிழங்கு மண்ணுக்குள் போன நாளிலிருந்து
> மழைக்கும் வெயிலுக்கும் முகம் கொடுத்து
> வயலைக் காத்து வந்தீர்கள்.
> இனி வெட்டு, வேவிப்பு, காய்ச்சல், மெருகு.
> விரலியும் கிழங்கும் பிரிந்து மூட்டை ஏறும் வரை
> உங்கள் கைக்கு ஓய்வில்லை.
>
> அதற்கு முன் ஒரு நாள்
> அடுப்பு மூட்டிப் பால் பொங்கட்டும்,
> பிள்ளைகள் கூடிக் குரல் எழுப்பட்டும்,
> மாடுகளும் நோயின்றி நிற்கட்டும்.
> எடையும் விலையும் உங்கள் மனம் நிறையும்படி அமையட்டும்.
>
> குடும்பத்தார் அனைவருக்கும்
> எங்கள் பொங்கல் வாழ்த்துகள்.
>
> என்றும் அன்புடன்,
> மண்டிக் குடும்பத்தார்,
> ஈரோடு

கடைசி வரிக்குக் கீழே 25 மி.மீ. வெறுமை, கையெழுத்துக்கு. "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற வரியை மண்டியில் சேர்க்கச் சொன்னார்கள். அது ஒவ்வொரு அட்டையிலும் இருக்கிறது, படிக்காமலே கடந்துவிடுவார்கள், ஆகவே விட்டாயிற்று. "எடையும் விலையும்" வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம், அந்த ஒன்றுக்காகவே விவசாயி அட்டையை எடுத்து வைப்பார்.

பின்பக்கத்தில் எதுவும் அச்சிட வேண்டாம், நிறம் மட்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த முத்திரையைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். மண்டியிலிருந்து சான்று வந்தால் பார்க்கலாம்.

கவர்

சி6: 114 × 162 மி.மீ., 100 ஜிஎஸ்எம், மஞ்சள் வண்ணத் தாள், மடல் நீளப் பக்கத்தில். மடித்த அட்டைக்கு அகலத்தில் 9, நீளத்தில் 14 மி.மீ. இடம் கிடைக்கிறது. கவர்க்காரர் சொல்வது வெளி அளவு. ஒட்டுப்பட்டையால் உள்ளே 2, 3 மி.மீ. குறையும். ஆகவே ஆர்டர் கொடுக்குமுன் மாதிரிக் கவரில் கிரீசிங் போட்ட அட்டையைச் செருகிப் பார்க்கவும். அட்டையின் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி செருக வேண்டும். திறந்த பக்கம் கீழே போனால் மூலை முட்டி மடங்கும்.

5 × 7 அங்குல அட்டை பெரிதாக எடுப்பாக இருக்கும் என்ற யோசனையும் வந்தது. எடையைப் பாருங்கள். நம் அட்டை 9.3 கிராம், கவர் ஏறக்குறைய 5. சேர்த்து 14 சொச்சம், தபால் கட்டணத்தின் 20 கிராம் வரம்புக்குள் தாராளம். 5 × 7இல் அட்டையே 13.6 கிராம், அதற்குரிய 133 × 184 கவர் 6ஐத் தொட்டால் 20ஐ உரசும். ஒட்டுப்பசையும் ஈரப்பதமும் சேர்ந்தால் சிலது தாண்டும், பெறுகிறவர் கையில் அபராதம். போதாக்குறைக்கு 120 மி.மீ. உயரம் தாண்டுவதால் இயல்பான கடித அளவிலும் அடங்காது.

முன்பக்கம் அச்சு எதுவும் வேண்டாம். வலது மேல் மூலையில் ஓரத்திலிருந்து 74, மேலிருந்து 40 மி.மீ. தபால்தலைக்கும் முத்திரைக்கும். கீழே 15 மி.மீ. பட்டையும் காலியாக. அனுப்புநர் முகவரி மடலின் மேல் ஒற்றை மை அரக்கில், 9 பாயின்ட், பின்கோடு ஆறு எண்ணும் சேர்த்து.

பசை தண்ணீர் தொட்டு ஒட்டுவது வேண்டாம். மார்கழிப் பனியில் கட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். உரித்து ஒட்டும் பட்டை வைக்கவும். ஐம்பது ஐம்பதாகக் கட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து அனுப்பவும். நிறுத்தி வைத்தால் மடல் வளையும்.

முதல் பத்து அட்டையும் பத்துக் கவரும் பேருந்துப் பார்சலில் எங்களுக்கு வரட்டும். அவற்றைப் பார்த்துச் சொன்னபின் மீதியை மடிக்கத் தொடங்கவும்.