பொருள்: செப்டம்பர் 19 செமினாரைத் தள்ளிவைக்கக் கோரிக்கை (முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 19 அன்று உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றி வகுப்பில் நான் செமினார் கொடுக்க வேண்டும். அதை அக்டோபர் 10-க்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கவே இந்த மின்னஞ்சல். காரணம், எனக்கு இருக்கும் கடுமையான பதற்றம். நேரில் சொல்ல நேற்று துறை அறை வாசல்வரை வந்தேன். வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வேறொரு தாளுக்குச் செமினார் கொடுக்க எழுந்து நின்றபோது, இரண்டாவது ஸ்லைடிலேயே விரல்கள் மரத்துப்போயின. காது அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டதில் மாரடைப்பு என்றே நினைத்தேன். அன்று மாலை அப்பா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். இ.சி.ஜி. சரியாக இருந்தது. அங்கிருந்த மருத்துவர் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். பதற்றக் கோளாறு என்று சொல்லி, 10 நாட்களுக்கு முன்பு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அது முழுதாக வேலை செய்ய இன்னும் சில வாரங்கள் ஆகுமாம். ஆலோசனைக்கும் வாரம் ஒருமுறை போகிறேன். மூன்று வார அவகாசம் கேட்பது இதனால்தான். புறநோயாளிச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

தயாரிக்காமல் சாக்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அம்மா. கட்டுரை முடிந்துவிட்டது. அதையும் 14 ஸ்லைடுகளையும் இதனுடன் அனுப்பியிருக்கிறேன். தினமும் இரவு தம்பியை உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிறேன். அவன் ஒருவன் முன்னால் தடையில்லாமல் வருகிறது. வகுப்பை நினைத்துக்கொண்டு பேசினால் கை வியர்க்கிறது. நேற்று குறிப்புத்தாளில் 'குடவோலை' என்று பேனாவில் எழுதியிருந்த இடம் ஈரத்தில் கலங்கி, படிக்கவே முடியாமல் போனது. மூன்று நாளாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமில்லை.

இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் நேரிலேயே போய்ப் பார்த்தேன். 919-இல் பொறித்ததில் வாரிய உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 என்று இருக்கிறது. 921-இல் அது 35 முதல் 70 ஆகிறது. இரண்டே ஆண்டில் விதியை ஏன் திருத்தினார்கள், முதல் முறை என்ன தவறாகப் போயிருக்கும் என்பதுதான் என் கட்டுரையின் கேள்வி. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த பகுதியை வகுப்பில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. பாதியில் நின்றுபோய் அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

அக்டோபர் 10 அன்று பேச வேண்டிய தோழியிடம் கேட்டேன். நீங்கள் சரி என்றால் இந்த வெள்ளிக்கிழமை அவள் பேசத் தயார். வகுப்பு நேரம் வீணாகாது. அது சரிவராது என்றால், இதே வாரம் துறை அறையில் உங்கள் முன் மட்டும், அல்லது நான்கைந்து பேர் முன், உட்கார்ந்தபடி பேச அனுமதித்தால்கூடப் போதும். கேள்விகளுக்கும் அங்கேயே பதில் சொல்லிவிடுவேன். தாமதத்துக்கு மதிப்பெண் குறைப்பது விதி என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வராதவள் என்று அகமதிப்பீட்டில் பூஜ்யம் விழுந்துவிடுமோ என்பதுதான் பயம்.

இன்னொரு வேண்டுகோள். இந்தக் காரணம் உங்களோடு இருக்கட்டும், அம்மா. தோழியிடம்கூட உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் நாள் மாறிய செய்தியை மட்டும் சொன்னால் போதும். வீட்டில் அப்பாவுக்குத் தெரியும். தேவைப்பட்டால் அவர் வந்து உங்களைப் பார்ப்பார்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஒரு வரி பதில் அனுப்பினால் தோழி தயாராக வசதியாக இருக்கும். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். மூன்றரை மணிக்கு மேல், அறையில் கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் எனக்குப் பேச வரும்.

நன்றி, அம்மா.

தங்கள் மாணவி,
கா. மலர்விழி
முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு

இணைப்பு: கட்டுரை, ஸ்லைடுகள், புறநோயாளிச் சீட்டின் நகல்