மரச்செக்கு மல்லாட்டை எண்ணெய் – 1 லிட்டர் (சுமார் 910 கிராம்)

விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பூஞ்சை பிடித்த பருப்பைக் கையால் பொறுக்கிவிட்டு, கடலூர் செக்கில் ஆட்டி, வெயிலில் தெளியவைத்து, துணியில் வடிகட்டுகிறோம். வேறு எண்ணெய், நிறமி, வாசனை எதுவும் சேர்ப்பதில்லை. நோய் தீர்க்கும் என்றோ "நூறு சதவீதம் சுத்தம்" என்றோ நாங்கள் எழுதுவதில்லை. செய்வதை மட்டுமே சொல்கிறோம்.

ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் நிறமும் மணமும் சற்று மாறும்: பட்டத்துக்குப் பட்டம் பருப்பின் முற்றலும் ஈரப்பதமும் வேறு. அடியில் மெல்லிய மண்டி தங்கலாம், அது பருப்புத் துகள். தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுத்திகரிக்காத எண்ணெய் என்பதால் காயும்போது நுரைக்கும். பாதி வாணலிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

வெயில் படாமல் வையுங்கள், ஈரக் கரண்டி வேண்டாம். திறந்தபின் 2 மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். காறல் வாடை வந்தால் சமைக்காதீர்கள். ஆட்டிய தேதி புட்டியில் உள்ளது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்.