அசிட்டைல்கோலின், குளூட்டமேட், காபா, டோபமைன்: ஏற்பிகளை ஒப்பிடும் திருப்புதல் அட்டவணை

டர்பனிலும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளிலும் மருத்துவம், மருந்தியல், செவிலியம் படித்துக்கொண்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் வரும் மாணவர்களுக்காக இதை எழுதினேன். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பாடநூலை முதலிலிருந்து புரட்ட நேரம் இருக்காது. அப்போது இந்தத் தாள் போதும்.

‘குளூட்டமேட் கிளர்த்தும், காபா அடக்கும், அசிட்டைல்கோலின் தசையைச் சுருக்கும்’ என்று நரம்புக் கடத்திக்கு ஒரு குணம் ஒட்டிவைத்துப் படிப்பவர்கள் தேர்வில் தடுமாறுகிறார்கள். கைத்தசையைச் சுருக்கும் அதே அசிட்டைல்கோலின்தான் இதயத் துடிப்பைக் குறைக்கிறது. மூலக்கூறு ஒன்று, அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் வேறு. விளைவைத் தீர்மானிப்பது ஏற்பிதான். ஆகவே அட்டவணையில் இரண்டாவது, மூன்றாவது பத்திகளை முதலில் மனத்தில் பதியுங்கள். மற்றவை தாமாக வரும்.

அயனி வாயில் ஏற்பி என்றால் கடத்தி ஒட்டியதும் அந்தப் புரதமே திறந்து அயனிகளை விடுகிறது. மில்லிவினாடிகளில் வேலை முடியும். ஜி-புரத ஏற்பி என்றால் உள்ளே இருக்கும் ஜி-புரதத்தைத் தூண்டி, அதன் வழியாக வேலை நடக்கிறது. மெதுவாகத் தொடங்கும், நீடிக்கும். அட்டவணையில் வரும் ஜி-கியூ, ஜி-ஐ, ஜி-எஸ் ஆகியவை அந்த ஜி-புரதத்தின் வகைகள்.

அட்டவணை 1: ஏற்பிகள்

| கடத்தி | ஏற்பி | வகை | உள்ளே நடப்பது | முக்கிய இடம் | தூண்டி | தடுப்பான் |
|---|---|---|---|---|---|---|
| அசிட்டைல்கோலின் | நிக்கோட்டினிக், தசை வகை | அயனி வாயில், 5 துணை அலகுகள் | சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே | நரம்பு–தசைச் சந்திப்பு | சக்ஸாமெத்தோனியம் | ரோக்குரோனியம் |
| | நிக்கோட்டினிக், நரம்பு வகை | அயனி வாயில், 5 துணை அலகுகள் | அதே. ஆல்ஃபா-7 வகையில் கால்சியமும் கணிசமாக உள்ளே | தன்னியக்க நரம்பு முடிச்சுகள், மூளை | நிக்கோட்டின் | மெக்கமைலமின் |
| | மஸ்காரினிக் எம்1, எம்3, எம்5 | ஜி-கியூ | ஐபி3, டிஏஜி, கால்சியம் கூடும் | எம்1 மூளை. எம்3 சுரப்பிகள், மென்தசை | பைலோகார்ப்பின் | அட்ரோப்பின் |
| | மஸ்காரினிக் எம்2, எம்4 | ஜி-ஐ | சைக்ளிக் ஏஎம்பி குறையும். எம்2 பொட்டாசிய வாயிலையும் திறக்கும் | எம்2 இதயம். எம்4 ஸ்ட்ரையேட்டம் | கார்பக்கோல் | அட்ரோப்பின் |
| குளூட்டமேட் | ஆம்பா | அயனி வாயில், 4 துணை அலகுகள் | சோடியம் உள்ளே | மூளை முழுவதும் | ஆம்பா | பெராம்ப்பனெல் |
| | என்எம்டிஏ | அயனி வாயில், 4 துணை அலகுகள் | சோடியமும் கால்சியமும் உள்ளே | மூளை, தண்டுவடம் | என்எம்டிஏ | கெட்டமின், மெமான்டின் |
| | கைனேட் | அயனி வாயில், 4 துணை அலகுகள் | சோடியம் உள்ளே | ஹிப்போகாம்பஸ் | கைனேட் | இந்தத் தேர்வுக்கு வேண்டாம் |
| | எம்குளூ1, எம்குளூ5 | ஜி-கியூ | கால்சியம் கூடும் | சிறுமூளை, பெருமூளைப் புறணி | வேண்டாம் | வேண்டாம் |
| | எம்குளூ2, 3, 4, 6, 7, 8 | ஜி-ஐ | சைக்ளிக் ஏஎம்பி குறையும் | பெரும்பாலும் நரம்பு முனையில். எம்குளூ6 விழித்திரையில் | வேண்டாம் | வேண்டாம் |
| காபா | காபா-ஏ | அயனி வாயில், 5 துணை அலகுகள் | குளோரைடு உள்ளே | மூளை முழுவதும் | மஸ்ஸிமால் | பைக்குக்குலின் |
| | காபா-பி | ஜி-ஐ, இரட்டைப் புரதம் | பொட்டாசிய வாயில் திறக்கும், கால்சிய வாயில் மூடும் | தண்டுவடம், மூளை | பாக்ளோஃபென் | சாக்ளோஃபென் |
| டோபமைன் | டி1, டி5 | ஜி-எஸ் | சைக்ளிக் ஏஎம்பி கூடும் | ஸ்ட்ரையேட்டம், சிறுநீரக இரத்தக்குழாய் | ஃபெனால்டோப்பம் | தனித்துப் படிக்க வேண்டாம் |
| | டி2, டி3, டி4 | ஜி-ஐ | சைக்ளிக் ஏஎம்பி குறையும் | ஸ்ட்ரையேட்டம், பிட்யூட்டரி, வாந்தி மையம் | புரோமோகிரிப்டின் | ஹாலோப்பெரிடால் |

நான்கில் டோபமைனுக்கு மட்டும் அயனி வாயில் ஏற்பி இல்லை. ஒரு மதிப்பெண் கேள்வியாக இதைக் கேட்பார்கள்.

அட்டவணை 2: ஆக்கமும் அகற்றலும்

| கடத்தி | எதிலிருந்து | ஆக்கும் நொதி | அகற்றும் வழி |
|---|---|---|---|
| அசிட்டைல்கோலின் | கோலின், அசிட்டைல் கோஎன்சைம் ஏ | கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் | அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் அங்கேயே உடைக்கும் |
| குளூட்டமேட் | குளூட்டமின் | குளூட்டமினேஸ் | ஆஸ்ட்ரோசைட்டுகள் உறிஞ்சிக் குளூட்டமினாக்கும் |
| காபா | குளூட்டமேட் | குளூட்டமேட் டிகார்பாக்ஸிலேஸ் (துணை: வைட்டமின் பி6) | மீள் உறிஞ்சல், பின் காபா டிரான்ஸமினேஸ் |
| டோபமைன் | டைரோசின், அதிலிருந்து எல்-டோப்பா | டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் (வேகத்தைக் கட்டுப்படுத்துவது) | மீள் உறிஞ்சல். பின் எம்ஏஓ, காம்ட் நொதிகள் |

நரம்பிணைப்பிலேயே நொதியால் உடைக்கப்படுவது அசிட்டைல்கோலின் மட்டுமே. மற்ற மூன்றும் உறிஞ்சப்பட்டே விலகுகின்றன. கரிம பாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்து நஞ்சு அசிட்டைல்கோலின் பக்கமே வந்து விழுவதற்கு இதுதான் காரணம்.

அசிட்டைல்கோலின்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

1921-இல் ஓட்டோ லோவி ஒரு தவளையின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் இதயத்தை மெதுவாக்கினார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து வேறொரு இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. செய்தியைக் கொண்டுபோவது ஒரு வேதிப்பொருள் என்பது அப்படித்தான் உறுதியானது. அது எம்2 ஏற்பியின் வேலை என்று இன்று நாம் எழுதுகிறோம்: ஜி-புரதத்தின் பீட்டா-காமா பகுதி பொட்டாசிய வாயிலைத் திறக்கிறது, சைனஸ் முடிச்சின் செல் மேலும் எதிர்மின்னாகிறது, துடிப்பு தாமதமாகிறது.

எம்3-இல் ஒரு பொறி உண்டு. மென்தசையைச் சுருக்கும் ஏற்பி இது; மூச்சுக்குழலும் சிறுநீர்ப்பையும் சுருங்கும். ஆனால் இரத்தக்குழாய் விரியும்! அங்கே எம்3 இருப்பது உட்படலச் செல்களில். அவை நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட, அடுத்திருக்கும் தசை தளர்கிறது. உட்படலத்தை நீக்கிவிட்டால் அதே குழாய் சுருங்குவதை ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள்.

அசிட்டைல்கோலினெஸ்டரேஸை முடக்கும் கரிம பாஸ்பேட் நஞ்சை நம் நாட்டில் படிக்கும் யாரும் மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபோஸ் நஞ்சால் இறந்தார்கள். விவசாயத்துக்கான அந்தப் பூச்சிமருந்து எலிகளைக் கொல்வதற்காகத் தெருவில் விற்கப்படுகிறது. நோயாளியிடம் காண்பதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எச்சில், கண்ணீர், வியர்வை, வயிற்றுப்போக்கு, நுரையீரலில் நீர்ச்சுரப்பு, சுருங்கிய கண்மணி, குறைந்த துடிப்பு: இவை மஸ்காரினிக். தசைத்துடிப்பு, பிறகு தளர்ச்சி, மூச்சுத்தசை செயலிழத்தல்: இவை நிக்கோட்டினிக். அட்ரோப்பின் முதல் வரிசையை மட்டுமே சரிசெய்யும். நுரையீரல் உலரும் வரை அதைக் கொடுப்பார்கள், ஆனால் தளர்ந்த மூச்சுத்தசைக்கு அதனால் பயனில்லை. செயற்கைச் சுவாசம் வேண்டும். ‘அட்ரோப்பின் கொடுத்தேன்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் விடை பாதிதான்.

ஊமத்தை இதற்கு நேர் எதிர். ஆஃப்ரிக்கான்ஸ் பேசுபவர்கள் மால்பிட்டே என்று சொல்லும் விதை அதுவே. அதிலுள்ள அட்ரோப்பினும் ஸ்கோப்பலமினும் மஸ்காரினிக் ஏற்பிகளை மூடுகின்றன. விரிந்த கண்மணி, காய்ந்த வாய், சிவந்து உலர்ந்த தோல், வேகமான துடிப்பு, பிதற்றல். தசை வலு மட்டும் கெடாமல் இருக்கும், ஏனென்றால் நிக்கோட்டினிக் ஏற்பி தொடப்படவில்லை.

மாம்பாக்களை நான் விடாமல் சேர்ப்பேன். குவாசுலு-நட்டால் கரையோரத்தில் கருப்பு மாம்பாவும் உண்டு, பச்சை மாம்பாவும் உண்டு. அவற்றின் நஞ்சு இந்தப் பாடத்தை வரிசையாகச் சொல்லிவிடும். டென்ட்ரோடாக்ஸின் நரம்பு முனையின் பொட்டாசிய வாயில்களை மூட, அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறி வெளியாகிறது. பச்சை மாம்பாவின் ஃபாஸிக்குலின் உடைக்கும் நொதியை முடக்குகிறது. ஆல்ஃபா நியூரோடாக்ஸின்கள் தசை ஏற்பியின் மேல் ஏறி அடைத்துக்கொள்கின்றன. பச்சை மாம்பாவின் இன்னொரு நஞ்சு எம்1 ஏற்பியை மட்டும் தேர்ந்து ஒட்டுவதால், ஆய்வாளர்கள் எம்1-ஐ மற்ற நான்கிலிருந்து பிரித்தறிய அதைப் பயன்படுத்துகிறார்கள்.

குளூட்டமேட்

என்எம்டிஏ ஏற்பியைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. சாதாரண மின்னழுத்தத்தில் அதன் வாயை ஒரு மெக்னீசிய அயனி அடைத்திருக்கும். குளூட்டமேட் ஒட்ட வேண்டும்; கிளைசினோ டி-செரினோ கூடவே ஒட்ட வேண்டும்; ஆம்பா வழியாகச் சோடியம் வந்து செல் ஏற்கெனவே கிளர்ந்திருக்க வேண்டும். மூன்றும் கூடினால்தான் மெக்னீசியம் விலகும், கால்சியம் நுழையும். இரண்டு சாவியும் வங்கி மேலாளரின் கையெழுத்தும் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டகம் போன்றது இது. அந்தக் கால்சியத்தால் ஆம்பா ஏற்பிகள் கூடுதலாகப் படலத்துக்கு வருகின்றன. கற்றலின் வேதியியல் அடித்தளம் அது. அளவு மீறினால், பக்கவாதத்தில் நடப்பதுபோல, அதே கால்சியம் செல்லைக் கொல்லும்.

எம்குளூ6 மட்டும் ஒரு வினோதம்: விழித்திரையின் ஆன் பைப்போலார் செல்லில் குளூட்டமேட் இதன் வழியாக அடக்கும் கடத்தியாகிறது.

காபா

காபா-ஏ ஏற்பியில் ஒட்டும் இடங்கள் பல. காபா ஒட்டுவது ஆல்ஃபா–பீட்டா இடைவெளியில். டையஸெப்பம் முதலான பென்ஸோடையஸெப்பின்கள் ஒட்டுவது ஆல்ஃபா–காமா இடைவெளியில். வாயில் திறக்கும் தடவைகளை அவை கூட்டும். பார்பிட்யூரேட் திறந்திருக்கும் நேரத்தை நீட்டும், அளவு மிகுந்தால் காபா இல்லாமலேயே திறந்துவிடும். அதனால்தான் அது கூடுதல் ஆபத்து.

மாண்ட்ரக்ஸ் மாத்திரையின் மெத்தகுவலோனும் காபா-ஏ ஏற்பியைத்தான் வலுப்படுத்துகிறது, ஆனால் பென்ஸோடையஸெப்பின் இடத்தில் ஒட்டுவதில்லை. ஆகவே பென்ஸோடையஸெப்பினை முறிக்கும் ஃப்ளூமஸெனில் அதை மாற்றாது. நம் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்களை வாட்டிய பொருள் இது. அதன் ஏற்பியைத் தெரிந்துவைப்பது மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல.

காசநோய் மருந்தான ஐசோனியஸிட்டை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு வலிப்பு வந்து நிற்காமல் இருந்தால்? ஐசோனியஸிட் வைட்டமின் பி6-ஐ முடக்குகிறது. குளூட்டமேட் டிகார்பாக்ஸிலேஸ் நின்றுபோகிறது. காபா குறைகிறது. டையஸெப்பம் தனியாகப் போதாமல் போவதற்குக் காரணம், அது வலுப்படுத்த வேண்டிய காபாவே பற்றாக்குறையாக இருப்பது. வைட்டமின் பி6-ஐ, அதாவது பைரிடாக்ஸினை, சிரை வழியாகக் கொடுக்க வேண்டும். அட்டவணை 2-இல் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சிறு குறிப்பு ஓர் உயிரின் விலை.

பிறந்த சிசுவின் நரம்புச் செல்லில் குளோரைடு உள்ளே அதிகம் என்பதால் காபா-ஏ திறந்தால் அது வெளியேறி, செல் கிளர்கிறது. ‘காபா எப்போதும் அடக்கும்’ என்று எழுதுகிறவர் இங்கே விழுகிறார்.

டோபமைன்

டி1 குடும்பம் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும், டி2 குடும்பம் குறைக்கும். ஸ்ட்ரையேட்டத்தில் டி1 நேர்வழியைக் கிளர்த்துகிறது, டி2 மறைமுக வழியை அடக்குகிறது; இரண்டும் சேர்ந்து அசைவை எளிதாக்குகின்றன. பார்க்கின்ஸன் நோயில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா செல்கள் அழிய, அசைவு இறுகுகிறது.

ஹாலோப்பெரிடால் டி2-ஐத் தடுக்கும்போது எந்தப் பாதையில் தடுக்கிறது என்று கேளுங்கள். மீசோலிம்பிக் பாதையில் பிரமைகள் குறையும். நைக்ரோஸ்ட்ரையேட்டல் பாதையில் உடல் விறைக்கும். பிட்யூட்டரிப் பாதையில் புரோலாக்டின் ஏறி, பால் சுரக்கும். தெருவில் ‘டிக்’ என்று விற்கப்படும் மெத்தாம்ஃபெட்டமின் ஏற்பியைத் தொடுவதில்லை. மீள் உறிஞ்சும் கடத்துப்புரதத்தைத் திசைதிருப்பி டோபமைனை வெளியே கொட்டவைக்கிறது.

கடைசியாக ஒரு நோயாளி. வாந்திக்கு மெட்டோக்ளோப்பிரமைடு போட்ட இளம்பெண்ணுக்குச் சில மணி நேரத்தில் கழுத்து ஒருபக்கம் முறுகி, கண்கள் மேலேறி நிற்கின்றன. மருந்து வாந்தி மையத்தோடு ஸ்ட்ரையேட்டத்தின் டி2-ஐயும் மூடிவிட்டது. அங்கே டி2 அடக்கிவைத்திருந்த அசிட்டைல்கோலின் செல்கள் கட்டவிழ்கின்றன. பைப்பெரிடென் ஊசி மஸ்காரினிக் ஏற்பியைத் தடுக்க, கழுத்து நேராகிறது. டாம்பெரிடோன் அதே டி2 தடுப்பான்தான் என்றாலும் மூளைக்குள் அவ்வளவாக நுழையாததால் இந்தத் தொல்லை அரிது.