சாக்பீஸ் டப்பா

செல்விக்கு ஒரே வாரத்துல ரெண்டு வேலை வந்துச்சு. ஒன்னு யங்கோன்ல கார்மெண்ட் ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு பாக்குறது, மாசம் அஞ்சு லட்சம் கியாட், தங்க ஹாஸ்டலும் உண்டு. இன்னொன்னு இங்கயே தாட்டோன்ல, கோயில் பக்கத்து ஷெட்ல சாயங்காலம் பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக்கொடுக்குறது, சம்பளம் ஒன்றரை லட்சம்தான்.

ரெண்டு மாசமா அங்க சும்மாவே சொல்லிக்கொடுத்துட்டுதான் இருந்தா, அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது. இந்த பிள்ளைங்க பர்மிய எழுத்து எழுதிப் பழகுன கையி, 'அ' போட்டாக்கூட உருண்டையா சுழிச்சுடும், அவளுக்கு அதப் பாத்தா அவ்வளவு ஆச.

ராத்திரி அம்மா மொஹிங்கா நூடுல்ஸ் கடைக்கு மீன் ஆஞ்சுக்கிட்டே, "நீ இருந்தா எனக்கு தெம்புதான்மா, ஆனா கடனுக்கு வட்டி நிக்காதே"ன்னாங்க. அழல, செதில மட்டும் வழிச்சு வழிச்சு தட்டுல போட்டாங்க. கை முழுக்க வெட்டுத் தழும்பு.

மறுநாள் கோயில் தாத்தாகிட்ட போயி, "தாத்தா, நான் யங்கோன் போறேன்"னா. அவரு கொஞ்ச நேரம் பேசல. "பிள்ளைங்கள யாரு பாக்குறது?"

பதினாலு வயசு மீனாவ கூப்ட்டு சாக்பீஸ் டப்பாவ கைல குடுத்தா. "சின்னதுங்களுக்கு உயிரெழுத்து நீ சொல்லிக்குடு, மிச்சம் லீவுல வந்து நான் பாத்துக்குறேன்."

மீனா போர்டுல 'அ' எழுதுனா. சுழி உருண்டையாவே வந்துச்சு. செல்வி அழிக்கல.