மழைக்கு முந்தைய வாரம்: ஏழு நாளுக்கு ஏழு பதிவுகள்

(செப்டம்பர் கடைசி வாரம், தினமும் காலை 7 மணிக்கு ஒன்று. சென்னை தனிவீடுகளுக்கு.)

திங்கள்

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி. ஒரே ராத்திரியில் 10 செ.மீ. மழை. எத்தனை லிட்டர் விழுந்திருக்கும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, 93 × 100 = 9,300 லிட்டர். தெறித்தது, தளம் குடித்தது, முதலில் கழுவிவிட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 7,400 லிட்டர் குழாய்க்கு வரும். 12,000 லிட்டர் லாரியில் பாதிக்கும் மேல்!

உங்கள் மாடிக்குக் கணக்குப் போட: சதுர அடி × மழை மி.மீ. × 0.074. செய்தியில் செ.மீ. என்று சொன்னால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். வந்த விடையைக் கமெண்டில் போடுங்கள்.

செவ்வாய்

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது வெட்டிய குழி உங்கள் வீட்டிலும் இருக்கும். கார் நிற்கும் இடத்தில், டைல்ஸுக்கு அடியில், செம்பருத்தித் தொட்டிக்குக் கீழே என்று எங்காவது தேடினால் மூடி தட்டுப்படும்.

இருக்கிறதா என்பதை விட, உறிஞ்சுகிறதா என்பதுதான் முக்கியம். மூடியைத் திறந்து, பத்து குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றவே கீழே இறங்கினால் குழி நன்றாக இருக்கிறது. தண்ணீர் மேலே நின்றால் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் வண்டல் அடைத்துவிட்டது என்று பொருள்.

பெரும்பாலும் மேலே உள்ள ஒரு அடி ஜல்லியில்தான் சேறு இருக்கும். அதை வாரி எடுத்து, சாக்கில் போட்டு அலசி, திரும்பப் போட்டால் போதும். அப்படியும் இறங்காவிட்டால் அடிவரை தோண்ட வேண்டியதுதான். ஆழமான குழியில் யாரையும் இறக்கிவிடாதீர்கள். அதற்கு உரிய ஆளும் கருவியும் வேண்டும்.

புதன்

பல மாதம் காய்ந்த மாடியில் புறா எச்சமும் தூசியும் படிந்திருக்கும். முதல் மழை அதை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் தொட்டிக்கும் வேண்டாம், கிணற்றுக்கும் வேண்டாம்.

முதல் 1 மி.மீ. மழையையாவது வெளியே விட வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு அது 93 லிட்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 4 அங்குலக் குழாயை மூன்று அடிக்கு இறக்கி, எண்ட் கேப் போட்டு, "இது முதல் மழைக்கு" என்று பிளம்பர் சொல்வார். அந்தக் குழாயில் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும். 93 லிட்டருக்கு 11 மீட்டர் குழாய் வேண்டும்!

100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வைத்து, அடியில் அரை அங்குலக் குழாய் ஒன்றை லேசாகத் திறந்து வையுங்கள். டிரம் நிரம்பிய பிறகு வரும் தண்ணீர் மட்டும் சேகரிப்புக்குப் போகும். மழை விட்டதும் டிரம் மெதுவாகத் தானே காலியாகி, அடுத்த மழைக்குத் தயாராகிவிடும்.

வியாழன்

வீட்டிலேயே வடிகட்டி டிரம் செய்ய: 200 லிட்டர் டிரம், 40 மி.மீ. ஜல்லி, 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, பெருமணல்.

அடியில் வெளிக்குழாயைப் பொருத்துங்கள். அதன் வாயில் வலை கட்டுங்கள். அதன்மேல் 40 மி.மீ. ஜல்லி அரைச் சாண், 20 மி.மீ. ஜல்லி அரைச் சாண். இரண்டையும் டிரம்மில் கொட்டும் முன்பே, அலசிய தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். ஜல்லியின் மேல் வலையை இரண்டு மடிப்பாக விரித்து, ஓரங்களை மேலே மடக்கிவிடுங்கள். அதன்மேல் ஒரு அடி மணல். மேலே ஒரு அடி வெற்றிடம் இருக்கட்டும்.

வலை போடாவிட்டால் மணல் இரண்டே மழையில் ஜல்லிக்குள் இறங்கிவிடும். பார்ப்பதற்கு டிரம் நன்றாகத்தான் இருக்கும், வடிகட்டாது. எம்-சாண்டைச் சலிக்காமல் போட்டால் அதிலிருக்கும் மாவுத் தூசியே அடைத்துவிடும்.

இன்னொன்று: ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டினால் ஆயிரம் சதுர அடியிலிருந்து 4,600 லிட்டர் இறங்கும். நல்ல பெருமணல் போட்டாலும் ஒரு டிரம் அதே நேரத்தில் ஏறக்குறைய 2,500 லிட்டர்தான் விடும். மீதி எங்கே போகும்? மாடிக் குழாயில் ஏறி நிற்கும், இணைப்புகளில் ஒழுகும். அதனால் டிரம்மின் விளிம்புக்குக் கீழே, உள்ளே வரும் குழாயின் அதே அளவில் ஒரு உபரிக் குழாய் வையுங்கள். அல்லது இரண்டு டிரம்.

(படம்: வெட்டிய டிரம்மின் அடுக்குகள், பக்கத்தில் அளவுகோல்.)

வெள்ளி

மாடித் தண்ணீரை நேரே போர்க்குழாயில் விடாதீர்கள்.

கேசிங் குழாயின் துளைகள் வழியாகத்தான் போருக்குத் தண்ணீர் வருகிறது. உள்ளே போகும் வண்டல் அதே துளைகளில் உட்கார்ந்துவிடும். எச்சம் கலந்த தண்ணீர் வடிகட்டாமல் நேரே நிலத்தடி ஊற்றுக்கும் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஊற்றைத்தான் குடிக்கிறார்.

போருக்குப் பக்கத்தில் உறை இறக்கிய கசிவுக்குழி வெட்டி, அதில் விடுங்கள். குழி கழிவுநீர்த் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். களிமண் இடத்தில் களியைத் தாண்டி மணல் தட்டும் வரை தோண்டாவிட்டால் அது வெறும் தொட்டிதான்.

சனி

சம்ப்பில் பிடித்த மழைநீரைப் புழக்கத்துக்கு எடுக்கும் முன்: 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். சமையல் டீஸ்பூனில் அளக்க வேண்டாம். தபால் தராசோ நகைத் தராசோ இருந்தால் நல்லது.

பவுடரை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் போடுங்கள். பிரித்து நாளான பாக்கெட் வாசனையும் வீரியமும் இழந்திருக்கும், அதை நம்பி அளக்காதீர்கள். குடிக்க வேண்டுமானால் காய்ச்சிக் குடியுங்கள்.

சம்ப் மூடியில் விரல் நுழையும் இடுக்கு இருந்தாலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பத்து நாளுக்குள் அது பறக்கும்.

ஞாயிறு

இன்று மாடிக்குப் போங்கள், துடைப்பத்தோடும் ஒரு வாளித் தண்ணீரோடும். இருபது நிமிட வேலை.

மூலைக்கு மூலை பெருக்குங்கள். குழாய் வாயில் தட்டையான சல்லடை இருந்தால் கழற்றிவிட்டு, கூம்பு வடிவக் கிரேட்டிங் போடுங்கள். தட்டைச் சல்லடையை ஒரே வேப்பிலைக் கொத்து மூடிவிடும்; கூம்பில் இலை அடியில் படியும், தண்ணீர் மேல் துளைகளில் இறங்கும். வாளித் தண்ணீரை ஒவ்வொரு வாயிலும் கொட்டி, கீழே ஒருவரை நிற்கவைத்து, எந்தக் குழாயில் வருகிறது என்று கேளுங்கள். வராத குழாயின் எல்போவில் பெரும்பாலும் புறாக்கூடு இருக்கும்.

முதல் பெருமழை அன்று குடையோடு ஒரு சுற்று வாருங்கள். மாடியில் தண்ணீர் நின்றால் வாய் அடைப்பு. டிரம் வழிந்தால் மணலின் மேல் படிந்த இரண்டு அங்குலத்தைச் சுரண்டுங்கள். டிரம் நன்றாக ஓடியும் குழி நிரம்பினால் குழியின் வேலை பாக்கி.