நிலாவும் வாளியும் கயிறும்

பிள்ளைகளே, காலையில் அந்தப் படகின் அடியை நனைத்த தண்ணீர் இப்போது எங்கே? அது நின்ற இடத்தில் நண்டு வளை தெரிகிறது. இந்த ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் முக்கியக் காரணம் நிலா.

நிலா தன் பக்கத்துக் கடலைக் கூடுதலாக இழுக்கிறது, மறுபக்கத்துக் கடலைக் குறைவாக இழுக்கிறது. இந்த வித்தியாசம்தான் முக்கியம். வாளித் தண்ணீர் ஏன் ஏறி இறங்குவதில்லை? வாளியின் இரண்டு ஓரமும் நிலாவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். பூமியின் இரு பக்கங்களுக்கு நடுவே 12,700 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது.

சரி, மறுபக்கக் கடலும் ஏன் ஏறுகிறது? தள்ளி நில்லுங்கள், வாளியைக் கயிற்றில் கட்டி என்னைச் சுற்றிச் சுழற்றுகிறேன். தண்ணீர் சிந்தாமல் வாளியின் அடியோடு ஒட்டிக்கொண்டது, பார்த்தீர்களா? என் காலையும் பாருங்கள். நானும் பின்னால் சாய்ந்து சின்ன வட்டம் போடுகிறேன். பூமியும் நிலாவும் இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துச் சுற்றுகின்றன. ஈர்ப்புதான் கயிறு. மறுபக்கத்தில் அந்தப் பிடி தளர்வு, அதனால் அங்கும் கடல் வெளிப்பக்கமாக மேடாகிறது.

இரண்டு மேடு, நடுவே சுழலும் பூமி. அதனால்தான் நம் கரையில் தினமும் இரண்டு ஏற்றம். அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் இன்னும் ஏறும்.

பூமி ஒரு முறை சுழன்று முடிப்பதற்குள் நிலாவும் நகர்ந்துவிடுவதால் ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கம்பில் இன்று கோடு போடுவோம். நாளைக்குக் கடிகாரத்தோடு வாருங்கள்.