சிறப்பு விருந்தினர் அறிமுக உரை: குன்னூர், பள்ளி ஆண்டு விழா

தலைமை ஆசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரே, குளிரில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் பெற்றோர்களே, என் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

"இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று தொடங்கிவிட்டுப் பத்து நிமிடம் பேசுவது நம் மேடைகளின் வழக்கம். தலைமை ஆசிரியர் எனக்குக் கொடுத்திருப்பது நான்கே நிமிடம். ஐயாவின் மகள் அனுப்பிவைத்த வாழ்க்கைக் குறிப்போ ஏழு பக்கம்! பணி ஆணை, பயிற்சிகள், பாராட்டுச் சான்றிதழ்கள் என்று எதையும் விடாமல் அடுக்கியிருக்கிறார். பெற்ற மகளின் பெருமை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இங்கே சொல்லப்போவது மூன்றே வரிகளை.

முதல் வரி, முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஐயா இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். எந்த பெஞ்சில் உட்கார்ந்தார் என்று குறிப்பில் இல்லை. போனில் கேட்டேன். "கடைசிதான் டீச்சர், அங்கதான் ஜன்னல் இருந்துச்சு" என்றார். அந்த ஜன்னல் வழியாக ரயில் ஊதுவது கேட்குமாம். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரி ஐந்தாம் பக்கத்தில், சான்றிதழ்களுக்கு நடுவில் ஒளிந்து கிடந்தது. "ஹில்குரோவ் அருகே தண்டவாளத்தில் பாறை. வண்டி நிறுத்தப்பட்டது." இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள நம் மலை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் தினமும் பார்க்கிற ரயில்தான். இருந்தாலும் பார்த்துப் பார்த்தே கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அதனால்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. டிரைவர் கடைசியில் இருக்கிறார், முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேன்தான் வண்டிக்குக் கண். அவர் பச்சை காட்டினால் வண்டி ஏறும், சிவப்பு காட்டினால் நிற்கும். 1899-இல் குன்னூருக்கு ரயில் வந்த பாதை இது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது உலகமே எஞ்சினைப் படம் எடுத்தது. கொடி பிடித்தவரை யார் எடுத்தார்கள்?

ஐயா அந்த இடத்தில்தான் வெயிலிலும் மழையிலும் நின்றார். ஓர் ஐப்பசி மாதம், முந்தின இரவு முழுக்க மழை, எதிரே பனிமூட்டம். வளைவு திரும்பியதும் கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு ஒரு பாறை. வண்டி நின்றபோது இடையில் இருந்தது இரண்டு பெட்டி நீளம். இதையும் கேட்டுத்தான் வாங்கினேன். "நான் என்ன செஞ்சேன்? சிவப்பைக் காட்டினேன். நிறுத்தினது டிரைவரும் மத்த பெட்டியில பிரேக் பிடிச்ச பசங்களும்" என்று சொல்லிவிட்டு, "அதை மேடையில பெருசா பேசாதீங்க டீச்சர்" என்றார். பேசிவிட்டேன் ஐயா, மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது வரி குறிப்பில் இல்லவே இல்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன்.

பிள்ளைகளே, காலை எட்டரை மணிக்கு நம் பள்ளிக்குக் கீழே, ஊட்டியிலிருந்து வருகிற பஸ்கள் திரும்பும் அந்த வளைவில் உங்களை ரோடு தாண்டிவிடுகிறவர் யார்? எஸ்டேட் லைனிலிருந்து நடந்து வருகிறவர்கள் சொல்லுங்கள்... ஆமாம், பச்சைக்கொடி தாத்தா! மஃப்ளரும் குல்லாவும் இல்லாமல், வேட்டி சட்டையில் இன்று முதன்முறை பார்க்கிறீர்கள்; அதனால்தான் அரை மணி நேரமாக அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அங்கே நிற்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. கையில் இருக்கும் அந்தக் கொடி எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அவருடைய முழுப் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது, மீதி ஆறேமுக்கால் பக்கம் அலுவலக அறையில் இருக்கிறது, விரும்புகிறவர்கள் படிக்கலாம். எனக்கு இன்னும் அரை நிமிடம் மிச்சம். அதை ஐயாவுக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஐயா, மைக் உயரமாக இருந்தால் பத்தாம் வகுப்புப் பையன்கள் இறக்கிவைப்பார்கள். கடைசி பெஞ்சிலிருந்து மேடைக்கு வாருங்கள்.